செக்கு எண்ணெய் லிட்டருக்கு 120 ரூபாய் ஏற்ற வேண்டும்: பழகியவர்களுக்கு எப்படி எழுதுவது?

களத்துமேடு | 12 ஜூலை 2025, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். காங்கேயம் பக்கத்தில் மூன்று வருடமாக மரச்செக்கு ஓட்டுகிறேன். கடை கிடையாது. கோவை, திருப்பூரில் 180 வீடுகள் மாதாமாதம் வாட்ஸ்அப்பில் சொல்வார்கள், வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்போம். தேங்காய் எண்ணெய் மட்டும் மாதம் 340 லிட்டர் போகும். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் அதில் பாதி.

கொப்பரை விலை உங்களுக்கே தெரியும். போன வருஷம் ஜூலையில் கிலோ 100 ரூபாய்க்கு வாங்கினேன். இந்த வாரம் 235. ஏப்ரலில் 178-க்கு வாங்கி வைத்ததை வைத்துத்தான் இதுவரை லிட்டர் 340-க்குக் கொடுத்து வந்தேன். அது இந்த மாதத்தோடு தீர்கிறது. புதுக் கொப்பரையை ஆட்டினால் எனக்கே லிட்டர் 416 ஆகிறது. அதனால் ஆகஸ்ட் 1 முதல் 460 என்று வைக்கலாம் என்று இருக்கிறேன்.

பயம் எதற்கு என்றால், ஜனவரியில் 240-லிருந்து 340 ஆக்கியபோது யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. விலைப் பட்டியலை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டேன். இருபது வீடு போச்சு. பீளமேட்டில் ஒரு அம்மா போன் போட்டு, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல கண்ணு" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இந்தத் தடவை கடிதமாக எழுதி அனுப்பப் போகிறேன். எழுதியது இது:

> அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம். தங்களின் நல்லாதரவுக்கு மனமார்ந்த நன்றி. தற்போது நிலவிவரும் மூலப்பொருள் விலையேற்றம், மின்கட்டண உயர்வு, ஆட்கூலி, போக்குவரத்துச் செலவு உள்ளிட்ட தவிர்க்க இயலாத காரணங்களால் எங்கள் தயாரிப்புகளின் விலையைச் சிறிதளவு உயர்த்த வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டுள்ளோம் என்பதை மிகுந்த மனவருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். தரத்தில் எவ்விதச் சமரசமும் இன்றி தொடர்ந்து சேவையாற்றுவோம். தங்கள் ஆதரவைத் தொடர்ந்து வேண்டுகிறோம்.

தப்பு இருந்தால் சொல்லுங்க.

---

நுகர்வோன் | 12 ஜூலை, 10:05

நல்லா கேட்டீங்க. 340-லிருந்து 460 பகல் கொள்ளை. இந்த மாதிரி லெட்டர் வந்தா பத்திரமா வச்சுக்குங்க, நுகர்வோர் நீதிமன்றத்துல மனு போடலாம். எந்தக் கடைன்னு பேரைப் போடுங்க.

---

களத்துமேடு | 12 ஜூலை, 10:11

அண்ணா, அந்தக் கடைக்காரியே நான்தான்.

---

நுகர்வோன் | 12 ஜூலை, 10:13

ஓ. சரிங்க. மேலே இருந்து படிக்காம எழுதிட்டேன். ஆனா உங்க லெட்டரைப் படிச்சா எனக்கு அதே எண்ணம்தான் வருதுன்னு வச்சுக்குங்களேன்.

---

நெய்யளந்தவன் | 12 ஜூலை, 11:20

அவர் தெரியாமல் சொன்னாலும் சரியாகத்தான் சொல்லிவிட்டார்.

நான் ஊத்துக்குளியிலிருந்து கோவை வீடுகளுக்கு வெண்ணெயும் நெய்யும் முப்பது வருடம் கொண்டுபோய் அளந்தவன். இப்போது மகன் பார்க்கிறான். கோடையில் பால் குறைந்து நெய் விலை ஏறும், மழைக்குப் பிறகு இறங்கும். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது "அம்மா, இந்த மாசம் விலை கூட" என்று வாசலில் நின்று சொல்லிப் பழகியவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் இல்லாதது என்ன என்று பாருங்கள் அம்மா. விலை இல்லை. தேதி இல்லை. எந்த எண்ணெய்க்கு என்பது இல்லை. "எங்கள் தயாரிப்புகளின் விலை" என்று எழுதியதால் கடலை எண்ணெயும் ஏறுகிறது என்றுதான் படிக்கிறவர் நினைப்பார். "சிறிதளவு" என்று போட்டிருக்கிறீர்கள். 340-க்கு 120 என்பது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இதைப் படித்துவிட்டு ஒன்றாம் தேதி 460 என்று பில்லைப் பார்த்தால், விலையைவிட அந்த ஒரு வார்த்தைதான் கோபத்தைக் கிளப்பும்.

அடுத்தது காரணம். கொப்பரை, கரண்ட், கூலி, பெட்ரோல் என்று நாலு சொல்லியிருக்கிறீர்கள். நாலு காரணம் சொன்னால் ஒன்றும் நிற்காது. படிக்கிறவர் அதில் மெலிந்த ஒன்றைப் பிடித்துக்கொள்வார். "பெட்ரோல் விலை ஒரு வருஷமா அப்படியேதானே இருக்கு" என்பார். அங்கேயே கடிதம் படுத்துவிடும். உங்கள் உண்மையான காரணம் ஒன்றே ஒன்றுதான். அதை மட்டும், அவர்கள் சரிபார்க்க முடிகிற மாதிரி சொல்லுங்கள்.

உங்கள் அடக்கக் கணக்கை இங்கே போடுங்கள், பார்ப்போம்.

---

மார்க்கெட்டிங்_மணி | 13 ஜூலை, காலை 7:30

ஒரே காரணம்தான் வேணும்னா ரெடியா இருக்கே. போன செப்டம்பர்ல மத்திய அரசு சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை ஏத்துச்சு. அதைப் போடுங்க. கோபம் எல்லாம் டெல்லி பக்கம் போயிடும், உங்க மேல வராது.

இன்னொண்ணு, விலையை ஏத்தவே வேண்டாம். பாட்டிலை 800 மில்லி ஆக்கிட்டு 370 வைங்க. பெரிய கம்பெனி எல்லாம் அதைத்தான் செய்யுது. யாரும் கவனிக்க மாட்டாங்க.

---

களத்துமேடு | 13 ஜூலை, 8:15

ஐயா, கணக்கு இதுதான். நூறு கிலோ கொப்பரை ஆட்டினால் மரச்செக்கில் எனக்கு 57 கிலோ எண்ணெய் நிற்கிறது, கிட்டத்தட்ட 62 லிட்டர். ஆக லிட்டருக்கு 1.61 கிலோ கொப்பரை. 235 போட்டால் 378 ரூபாய். புண்ணாக்கு விற்று லிட்டருக்கு 20 திரும்ப வருகிறது. ஆட்டுகிற ஆள், கரண்ட், பாட்டில், லேபிள், வண்டி எல்லாம் சேர்த்து 58. மொத்தம் 416.

போன வருஷம் இதே கணக்கு 197. விற்றது 240, கையில் நின்றது 43. இப்போது 460-க்கு விற்றால் 44 நிற்கும்.

---

நெய்யளந்தவன் | 13 ஜூலை, 9:50

கணக்கு சுத்தம். முதலில் மணிக்கு ஒரு வார்த்தை.

தம்பி, நீங்கள் சொல்லும் வரி உண்மைதான். 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்திக்கு மொத்த வரி 5.5 சதவீதத்திலிருந்து 27.5 ஆனது. ஆனால் அது வெளிநாட்டிலிருந்து வரும் எண்ணெய்க்கு. இந்த அம்மா வாங்குவது காங்கேயம் களத்தில் காய்ந்த கொப்பரை. பாமாயில் ஏறினால் மற்ற எண்ணெயும் கொஞ்சம் சேர்ந்து ஏறும், மறுக்கவில்லை. ஆனால் கொப்பரை இரண்டு மடங்குக்கு மேல் போனதற்கு அது காரணம் ஆகாது. அதைவிட, போன மே கடைசியில் அந்த வரியைக் குறைத்துவிட்டார்கள், 16.5-க்கு வந்துவிட்டது. பேப்பர் படிக்கிற ஒரு வாடிக்கையாளர், "வரிதான் குறைஞ்சுருச்சே, இப்ப ஏன் ஏத்துறீங்க" என்று கேட்டால் இவர் எங்கே போய் நிற்பார்?

800 மில்லி யோசனை பெரிய கம்பெனிக்குச் சரிப்படலாம். இவரிடம் வாங்குகிறவர் மாசம் ஒண்ணாம் தேதி அதே எவர்சில்வர் தூக்கில் ஊற்றிவைக்கிறவர். ஒரு விரற்கடை குறைந்தால் அன்றைக்கே தெரியும். சட்டப்படி அந்த அளவில் அடைக்கலாம்தான், ஆனால் லிட்டருக்குக் குறைவான பாட்டிலில் மில்லிக்கு எவ்வளவு என்றும் அச்சிட வேண்டும். ஒளிக்க நினைத்ததை நாமே லேபிளில் எழுதிக்கொடுத்த மாதிரி ஆகும்.

இனி அம்மாவுக்கு. லாபத்தைச் சதவீதத்தில் வைக்காமல் ரூபாயில் அதே அளவில் நிறுத்தியிருக்கிறீர்கள். பழைய சதவீதத்தைப் பிடித்திருந்தால் 507 ஆகியிருக்கும். இதுதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய பலம். ஆனால் ஒன்று, மாதம் 550 கிலோ கொப்பரைக்கு முன்பு 55,000 முடக்கினீர்கள், இப்போது 1,29,000. அந்த வட்டி 58-க்குள் வரவில்லை. அதனால் 460-க்குக் கீழே இறங்காதீர்கள். யாராவது கெஞ்சினால் 440 என்று வாய் தவறிவிடும். வேண்டாம்.

கடிதத்தில் முழு அடக்கத்தையும் விரிக்காதீர்கள். கொப்பரைக் கணக்கு மட்டும் போதும். பாட்டிலுக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று எழுதினால், "பாட்டில் நானே கொண்டுவர்றேன், அந்தக் காசைக் குறைச்சுக்க" என்று பேரம் தொடங்கிவிடும். எனக்கு நெய்யில் நடந்தது. ஒரு வீட்டில் பாத்திரத்தையும் நீட்டினார்கள், வண்டிக் காசையும் கழிக்கச் சொன்னார்கள், "இந்த வழியாத்தானே போறீங்க" என்று.

---

மார்க்கெட்டிங்_மணி | 13 ஜூலை, 10:20

மே-ல குறைச்சது எனக்குத் தெரியாதுங்க ஐயா. ஒத்துக்கறேன். ஆனா மழை, வெள்ளை ஈ, வாடல் நோய், இளநி ஏற்றுமதின்னு நாலஞ்சு காரணம் செய்தியில வருதே. அதையெல்லாம் விளக்கமா போட்டா மக்களுக்குப் புரியும் இல்லையா?

---

தோப்புக்காரன்_உடுமலை | 13 ஜூலை, மதியம் 1:15

எல்லாமே உண்மைதான் தம்பி. எங்கள் பக்கம் வெள்ளை ஈ ஓலையைக் கறுப்பாக்கி வைத்திருக்கிறது, பொள்ளாச்சியில் வாடல் நோய்க்கு மரத்தையே வெட்டுகிறார்கள். ஆனால் பாளை விரிந்து காய் முற்ற ஒரு வருஷம் ஆகும். போன வருஷக் கோடை வெயிலில் குரும்பை கொட்டியதுதான் இந்த வருஷம் காய் இல்லாமல் நிற்கிறது. அதோடு இளநிக்கே நல்ல விலை வருவதால் முற்ற விடாமலே பலர் வெட்டிவிடுகிறோம். நானும்தான்.

இதை வீட்டம்மாவுக்கு ஒரே வரியில் சொல்லலாம்: போன கோடை வெயிலில் பிஞ்சு கொட்டியது, இந்த வருஷம் காய் இல்லை. வெள்ளை ஈயைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டாம்.

---

டிகிரிகாபி | 13 ஜூலை, மாலை 4:40

நான் வியாபாரி இல்லை. ஓய்வுபெற்றவன், வாங்குகிற பக்கத்தில் நிற்கிறவன். ஒரு விஷயம் சொல்லலாமா?

பதினெட்டு வருஷமாக ஒரே கடையில் காபித்தூள். எண்பதுக்கு இருபது சிக்கரி. போன வருஷம் காபிக்கொட்டை தாறுமாறாக ஏறியது, தெரியும்தானே. எங்கள் கடையில் விலை மட்டும் ஏறவே இல்லை. நல்ல மனுஷர் என்று நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து டிகாக்ஷன் கறுப்பாக இறங்க ஆரம்பித்தது, சட்டென்று இறங்காமல் சொட்டுச் சொட்டாக. மணம் வரவில்லை, கசப்பு மட்டும் தங்கியது. என் வீட்டம்மாள் ஃபில்டரைத்தான் குறை சொன்னாள், புதுசு வாங்கினோம். அதிலும் அதே கதை. கடையில் போய்க் கேட்டால் முதலில் மழுப்பினார், அப்புறம் "முப்பது போடறோம் சார், விலை ஏத்தினா நீங்க எல்லாம் போயிடுவீங்களேன்னு" என்றார்.

போய்விட்டேன். கிலோவுக்கு 200 ரூபாய் கூடக் கொடுத்து வேறு இடத்தில் வாங்குகிறேன்.

அதனால் அம்மா, உங்கள் எண்ணெயில் எதை மாற்றவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். "தரத்தில் சமரசம் இல்லை" என்பதை அந்தக் காபிக்கடைக்காரரும் பையில் அச்சடித்துத்தான் வைத்திருந்தார்.

---

களத்துமேடு | 13 ஜூலை, 8:30

சார், நீங்க சொன்னதும்தான் தோன்றியது. நான் கந்தகம் போடாத கொப்பரைதான் வாங்குகிறேன். கந்தகப் புகை போட்டால் பூஞ்சை பிடிக்காது, வெள்ளையாக இருக்கும், கிலோவுக்கு ஆறேழு ரூபாய் குறைவு. இந்த மூன்று மாதமாக அதற்கு மாறிவிடலாம் என்று வீட்டில் ஒரே பேச்சு. மாறவில்லை. மூன்று வருஷத்தில் இதை வாடிக்கையாளரிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

---

டிகிரிகாபி | 13 ஜூலை, 8:42

அதைத்தான் எழுத வேண்டும்.

---

நாட்டுச்சர்க்கரை_ஈரோடு | 14 ஜூலை, காலை 6:50

நான் அடிபட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாட்டுச்சர்க்கரை கிலோவுக்கு 15 ரூபாய் ஏற்ற வேண்டி வந்தது. முன்கூட்டியே சொல்வதுதான் மரியாதை என்று பதினைந்து நாள் டைம் கொடுத்து, "மாத இறுதி வரை பழைய விலை" என்று போட்டேன். நாலு நாளில் இரண்டு மாதச் சரக்கு காலி. மாதம் இரண்டு கிலோ வாங்குகிறவர் பத்து கிலோ கேட்கிறார். கொடுத்த வாக்கை மீற முடியாமல் புதுச் சரக்கை வாங்கி நஷ்டத்துக்குக் கொடுத்தேன். அடுத்த இரண்டு மாதம் போனே வரவில்லை, எல்லோர் வீட்டிலும் டப்பா நிறைய இருக்கிறதே.

இவர் கதை இன்னும் மோசமாகும். லிட்டருக்கு 120 வித்தியாசம் என்றால் ஐந்து லிட்டர் வாங்கி வைத்தால் 600 மிச்சம். யார்தான் விடுவார்கள்? பழைய விலை என்று சொன்னால், "வழக்கமாக வாங்கும் அளவுக்கு மட்டும்" என்று சேர்த்துப் போடுங்கள்.

---

மாவரைக்கும்_மாலா | 14 ஜூலை, 10:30

எனக்கு அந்தத் தொல்லை இல்லை, இட்லி மாவை யாரும் வாங்கிப் பதுக்க முடியாது. மூணாம் நாள் டப்பா மூடியைத் தூக்கிடும் 😄

அக்கா, நீங்க அனுப்புறது குரூப்பா, பிராட்காஸ்ட்டா? குரூப்னா தயவுசெய்து வேண்டாம். நான் வேளச்சேரி அபார்ட்மென்ட் குரூப்ல அஞ்சு ரூபா ஏத்தறேன்னு போட்டேன். ஒருத்தர் "ரேஷன் அரிசிதானே" அப்படின்னு ஒரு வரி எழுதினார். அவ்வளவுதான், அதுக்குக் கீழே இருபது பேர். ஒவ்வொருத்தரா பேசினா ஒருத்தரும் சண்டை போட மாட்டாங்க.

அப்புறம், பாட்டில்ல எம்.ஆர்.பி. அடிச்சிருப்பீங்களே, அதைப் பாத்துக்குங்க.

---

களத்துமேடு | 14 ஜூலை, 11:05

பிராட்காஸ்ட்தான் மாலா.

ஐயோ, லேபிள். 340 என்று அச்சடித்தது இன்னும் 400 இருக்கிறது. மேலே 460 ஸ்டிக்கர் ஒட்டினால் போதுமா?

---

நெய்யளந்தவன் | 14 ஜூலை, 11:40

ஒட்டக் கூடாது. விலையைக் குறைத்து ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் பழைய விலை தெரிகிற மாதிரி. ஏற்றி ஒட்டினால் தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்தால் வழக்கு. சட்டத்தை விடுங்கள், வாங்குகிறவர் முதலில் செய்வது அந்த ஸ்டிக்கரை நகத்தால் கீறிப் பார்ப்பதுதான். அடியில் 340 தெரிந்தால் உங்கள் கடிதத்தை யார் நம்புவார்கள்?

அடைத்து வைத்த பாட்டில் எல்லாம் ஜூலைக்குள் 340-க்கே போகட்டும். மிச்ச லேபிள் நஷ்டம்தான். இனி விலையும் தேதியும் போட இடம் விட்டு அச்சடியுங்கள், ஆட்டுகிற அன்று முத்திரை குத்திக்கொள்ளலாம். விலை இப்படி ஆடுகிற காலத்தில் மொத்தமாக அச்சடிக்கவே கூடாது.

இன்னொன்று. அதிகம் வாங்குகிற பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்குக் கடிதம் போவதற்கு முந்தின நாள் போன் போடுங்கள். போனில் அழ வேண்டாம், "நாளைக்கு ஒரு செய்தி வரும்மா, விலை கூடுது, உங்ககிட்ட முதல்ல சொல்லிடலாம்னு" என்றால் போதும். அவர்கள்தான் மற்றவர்களிடம் உங்களுக்காகப் பேசுகிறவர்கள்.

---

களத்துமேடு | 16 ஜூலை, இரவு 10:15

மூன்று தடவை அடித்து எழுதி, கடைசியாக இது. வீட்டுக்காரர் "நன்றி வணக்கம்கூட ஒழுங்கா இல்லையே" என்கிறார்.

> வணக்கம். ஆகஸ்ட் 1 முதல் நம் தேங்காய் எண்ணெய் லிட்டர் 460 ரூபாய். இப்போது 340. கடலை எண்ணெய், நல்லெண்ணெய் விலை மாறவில்லை.
>
> 120 ரூபாய் என்பது பெரிய ஏற்றம், எனக்குத் தெரியும். காரணம் கொப்பரை. போன வருஷம் இதே ஜூலையில் கிலோ 100 ரூபாய்க்கு வாங்கினேன், இந்த வாரம் 235. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு 1.6 கிலோ கொப்பரை வேண்டும், அதற்கே 378 ரூபாய் ஆகிறது. போன கோடை வெயிலில் பிஞ்சு கொட்டியதால் இந்த வருஷம் காய் இல்லை. நீங்கள் சமையலுக்கு வாங்கும் தேங்காயிலேயே இது தெரிந்திருக்கும். லிட்டரில் எனக்கு நிற்பது போன வருஷம் நின்ற அதே தொகைதான்.
>
> கந்தகம் போட்ட கொப்பரை விலை குறைவு. அதற்கு மாறவில்லை, மாறவும் மாட்டேன். வேறு எண்ணெய் எதுவும் கலக்கவில்லை. பாட்டிலும் அதே ஒரு லிட்டர்தான்.
>
> ஜூலை 31 வரை நீங்கள் மாதம் வாங்கும் அளவு பழைய விலைக்கே. எல்லோருக்கும் வர வேண்டும் என்பதால் அதற்கு மேல் தர முடியாது. அளவைக் குறைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு அரை லிட்டர் பாட்டிலும் போடுகிறேன், 235 ரூபாய்.
>
> ஜனவரியில் சொல்லாமல் விலை ஏற்றினேன். அது என் தப்பு.
>
> கொப்பரை 200 ரூபாய்க்குக் கீழே இறங்கினால் எண்ணெய் விலையையும் 410-க்குக் குறைப்பேன். கேள்வி இருந்தால் போன் போடுங்க, மாலை 6 மணிக்கு மேல் நானே எடுப்பேன்.

---

நெய்யளந்தவன் | 17 ஜூலை, காலை 6:20

ஜனவரி வரி மிகச் சரி. ஒரு வரியோடு நிறுத்தியதும் சரி.

கடைசிப் பத்தியை எடுத்துவிடுங்கள். விலை இறங்கும் என்று எழுத்தில் கொடுக்காதீர்கள். கொப்பரை ஒரு நாள் 198 வரும், மறுவாரம் 215 போகும். உங்களிடம் 235-க்கு வாங்கிய மூட்டை அப்போதும் கிடக்கும். அதை ஆட்டி 410-க்குக் கொடுத்தால் லிட்டருக்கு ஆறு ரூபாய் கைக்காசு. இறங்கினால் சத்தமில்லாமல் குறையுங்கள், சந்தோஷப்படுவார்கள். முன்கூட்டிச் சொன்னால் கடன்காரர் ஆவீர்கள்.

---

டிகிரிகாபி | 17 ஜூலை, 7:45

ஐயாவிடம் மாறுபடுகிறேன், மன்னிக்கணும். வாங்குகிறவனுக்கு அந்த வரிதான் முக்கியம். ஏறும்போது கொப்பரையைக் காட்டுகிறவர் இறங்கும்போதும் அதையே காட்டுவார் என்றால்தான் காரணத்தை நம்புவேன். ஏறிய விலை எதுவாவது இறங்கிப் பார்த்திருக்கிறோமா? ஹோட்டல் காபியைச் சொல்லுங்கள்.

---

நாட்டுச்சர்க்கரை_ஈரோடு | 17 ஜூலை, 9:10

இரண்டுக்கும் நடுவில் ஒன்று. "200-க்குக் கீழே நான் கொப்பரை வாங்கினால், அதை ஆட்டும் மாதத்தின் முதல் தேதியிலிருந்து" என்று போடுங்கள். பழைய மூட்டைப் பிரச்சினை போய்விடும்.

---

நெய்யளந்தவன் | 17 ஜூலை, 9:30

அது பரவாயில்லை. ஆனாலும் நான் எழுத மாட்டேன்.

---

களத்துமேடு | 9 ஆகஸ்ட் 2025, இரவு 9:00

ஈரோடு அண்ணா சொன்ன மாதிரியே அந்த வரியை மாற்றி 18-ம் தேதி அனுப்பினேன். முந்தின நாள் பன்னிரண்டு வீட்டுக்குப் போன் போட்டேன். அதில் இரண்டு பேர், "தேங்காயே இங்க ஒண்ணு நாப்பது ரூபா, நீங்க இவ்வளவு நாள் எப்படிக் கொடுத்தீங்கன்னுதான் பாத்தேன்" என்றார்கள்.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். 180 வீட்டில் இதுவரை 149 பேர் ஆகஸ்டுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் 38 பேர் அளவைக் குறைத்துவிட்டார்கள், பெரும்பாலும் தலைக்கு மட்டும் இது, சமையலுக்குக் கடலை எண்ணெய் என்று. ஏழு பேர் வேண்டாம் என்றார்கள். மிச்சம் 24 பேர் சத்தமே இல்லை. தேங்காய் எண்ணெய் 340 லிட்டரிலிருந்து 268-க்கு வந்திருக்கிறது, கடலை எண்ணெய் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஜனவரியில் போன பீளமேட்டு அம்மாவுக்கும் அனுப்பினேன், படித்திருக்கிறார், பதில் இல்லை.

ஒரு கூத்தும் நடந்தது. பிராட்காஸ்ட் நம் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகுமாம். பதினோரு பேருக்குப் போகவே இல்லை. இரண்டாம் தேதி வண்டி போய் 460 என்றதும் ஒருத்தர் வாசலிலேயே சத்தம் போட்டுவிட்டார். டெலிவரி பையன் பாவம். அந்தப் பதினோரு பேருக்கும் ஆகஸ்டு அளவைப் பழைய விலைக்கே கொடுத்தேன்.

---

மாவரைக்கும்_மாலா | 9 ஆகஸ்ட், 9:25

ஐயோ அக்கா, நான் சொல்லியிருக்கணும். ரெண்டு டிக் வராதவங்க லிஸ்டை ராத்திரியே பாத்துடணும். எனக்கு அதே மாதிரி நடந்திருக்கு, சொல்ல மறந்துட்டேன்.

---

நெய்யளந்தவன் | 9 ஆகஸ்ட், 10:10

அந்த 24 பேரில் பாதி அடுத்த மாதம் வருவார்கள். ஜூலை 31-க்குள் வாங்கிய பாட்டில் தீர வேண்டுமே. துரத்தாதீர்கள்.

---

களத்துமேடு | 9 ஆகஸ்ட், 10:30

சரிங்க ஐயா. இன்னொரு விஷயம், அந்த 200 ரூபாய் வரி. இதுவரை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், 200 என்பது நான் வாங்கும் விலையா, காங்கேயம் மார்க்கெட் விலையா என்று. கந்தகம் போடாதது மார்க்கெட்டைவிட எப்போதும் ஆறேழு ரூபாய் கூட. கடிதத்தில் "நான் வாங்கினால்" என்றுதான் இருக்கிறது, ஆனால் பேப்பரில் 198 என்று வந்தால் போன் வரத்தான் செய்யும். ஒருத்தர் மாதாமாதம் கொப்பரை பில்லைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைக்கச் சொல்கிறார்.

---

டிகிரிகாபி | 9 ஆகஸ்ட், 10:41

வையுங்கள்.

---

நெய்யளந்தவன் | 9 ஆகஸ்ட், 10:44

வைத்தால் யாரிடம் வாங்குகிறீர்கள் என்பது ஊருக்கே தெரிந்துபோகும் அம்மா. பில்லில் பேரை மறைத்துவிட்டாவது வையுங்கள்.